இம்ப்ரெஷன் ஷேர் ஏறுகிறது, கவுனி ஆர்டர் நிற்கிறது: எங்கே இடிக்கிறது?

கொட்டான் | 9 செப்டம்பர் 2025, இரவு 10.40

காரைக்குடியில் எங்களுக்குப் பலகாரக் கடை. கூகுள் ஆட்ஸில் பழைய வாடிக்கையாளர் பட்டியலுக்கு மட்டும் ஓடுகிற ஒரு சர்ச் கேம்பெயின் இருக்கிறது. நாள் பட்ஜெட் ₹900. மூன்று ஆட் குரூப்: முறுக்கு வகை, பொடி வகை, கவுனி அரிசி.

போன மாதம் நடுவில் 50% ஆக இருந்த இம்ப்ரெஷன் ஷேர் இப்போது 63%. பட்ஜெட் முழுதாகச் செலவாகிறது. பட்ஜெட் போதாமல் இழந்தது என்ற எண்ணும் இறங்கியிருக்கிறது. மொத்த இம்ப்ரெஷன் மட்டும் கொஞ்சம் குறைவு. அதனால் விளம்பரம் முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கவுனி அரிசி ஆர்டர் ஏறக்குறைய நின்றுவிட்டது. சித்தப்பா விளம்பரத்தைக் குறை சொல்கிறார், நான் விலையைக் குறை சொல்கிறேன். யார் சொல்வது சரி?

வளவு | 9 செப்டம்பர், இரவு 11.15

ரெண்டுமில்லை தம்பி, சீசன். பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்டோடு போயிற்று. விசேஷம் இல்லாத நாளில் கவுனி அரிசியை யார் தேடுவார்? தேடல் குறைந்தால் இம்ப்ரெஷன் குறையும், ஷேர் அப்படியே இருக்கும் அல்லது ஏறும். தீபாவளிக்குத் தானாக வந்துவிடும், சும்மா இருங்கள்.

முகப்பு | 10 செப்டம்பர், காலை 6.50

வளவு சொல்வதில் பாதி சரி. தேடல் குறைந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். ஆனால் இன்னொரு காரணத்துக்கும் இதே முகம் உண்டு, அதைப் பார்க்காமல் சும்மா இருக்கக்கூடாது.

கொட்டான், கேம்பெயின் மொத்தத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆட் குரூப்புக்கும் வாரவாரியான இம்ப்ரெஷனை இங்கே போடுங்கள். பொங்கல் சமயத்தில் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தேனே, தினமும் விடியற்காலை விளம்பர ஸ்டேட்டஸை ஷீட்டில் எழுதுவது, அது இன்னும் ஓடுகிறதா?

கொட்டான் | 10 செப்டம்பர், பகல் 1.05

ஓடுகிறது அண்ணே. அதை நான் திறந்தே பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில் வரிகள் இருக்கின்றன.

திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரமாக எடுத்தேன். வரிசை: முறுக்கு, பொடி, கவுனி, மொத்தம்.

```
ஆக 11   3400   1300   2150   6850
ஆக 18   3520   1280   2090   6890
ஆக 25   4300   1410    880   6590
செப் 1   4760   1500      0   6260
```

கவுனி சுழியம் என்று இப்போதுதான் பார்க்கிறேன். மொத்தத்தில் தெரியவே இல்லை.

முகப்பு | 10 செப்டம்பர், இரவு 9.30

மொத்தத்தில் எப்படித் தெரியும்? கவுனி விட்ட பட்ஜெட்டை முறுக்கும் பொடியும் எடுத்துக்கொண்டன. ₹900 செலவானது, பில் வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மொத்தம் 6,850இலிருந்து 6,260க்கு இறங்கியது 9 சதவீதம்கூட இல்லை. அந்த அளவு ஏற்ற இறக்கம் எந்த வாரமும் வரும்.

இப்போது ஷேருக்கு வருவோம். இம்ப்ரெஷன் ஷேர் என்பது நீங்கள் வாங்கிய இம்ப்ரெஷனை, வாங்கத் தகுதி இருந்த இம்ப்ரெஷனால் வகுத்த எண். அந்தத் தகுதியைக் கணக்கிடும்போது இலக்கு அமைப்புகளோடு விளம்பரத்தின் ஒப்புதல் நிலையும் சேர்கிறது. அவர்களுடைய உதவிப் பக்கத்திலேயே இது இருக்கிறது. ஆக, ஒரு விளம்பரம் பாலிசியால் நிறுத்தப்பட்டால் அது இழந்த இடம் இழப்பாகப் பதிவாகாது. கீழே இருக்கும் எண்ணிலிருந்தே கழிந்துவிடும். பட்ஜெட்டால் போனதற்கு ஒரு நெடுவரிசை உண்டு, ரேங்க்கால் போனதற்கு ஒன்று உண்டு. பாலிசியால் போனதற்குக் கிடையாது.

உங்கள் எண்களையே வகுத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 11 வாரம் 6,850, ஷேர் 50%. தகுதி 13,700. செப்டம்பர் 1 வாரம் 6,260, ஷேர் 63%. தகுதி சுமார் 9,940. ஏறக்குறைய 3,760 காணோம். ஆகஸ்ட் 11 வாரத்தில் கவுனி ஆட் குரூப்பின் ஷேர் மட்டும் எவ்வளவு?

கொட்டான் | 10 செப்டம்பர், இரவு 9.52

57%. அடுத்த வாரம் 55, அதற்கடுத்த வாரம் 58. செப்டம்பர் 1 வாரம் வெறும் கோடு.

முகப்பு | 10 செப்டம்பர், இரவு 10.10

2,150ஐ 0.57ஆல் வகுத்தால் 3,770. காணாமல் போனது 3,760. கவுனிக்கு இருந்த தகுதி முழுவதும் கழிந்திருக்கிறது என்றுதான் கணக்கு சொல்கிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அதிர்ஷ்டம்தான். ஷேர் என்பதே மதிப்பீடு, முழு எண்ணாக்கிக் காட்டுவார்கள், அதனால் நூறு இருநூறு முன்னே பின்னே வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் வாரத்துக்கு ஐம்பது அறுபது இம்ப்ரெஷன் வரும் ஆட் குரூப்பில் இந்த வகுத்தலைச் செய்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆகஸ்ட் 25 வாரத்தில் 880 வந்தும் ஷேர் 58%. இம்ப்ரெஷன் பாதிக்கும் கீழே, ஷேர் அசையவில்லை. வாரத்தின் நடுவில் ஏதோ ஒரு நாள் கதவு மூடியிருக்கிறது, மூடும்வரை வழக்கம்போல ஓடியிருக்கிறது.

வளவு | 10 செப்டம்பர், இரவு 10.31

தேடல் குறைந்தாலும் தகுதி குறையும் என்று நீங்களே காலையில் சொன்னீர்கள். பிறகு எப்படிப் பாலிசி என்று முடிவு கட்டுகிறீர்கள்?

முகப்பு | 10 செப்டம்பர், இரவு 10.44

முடிவு கட்டவில்லை அண்ணே. கேள்வி நியாயமானது. ஒப்பிட வேறு ஒரு கேம்பெயின் வேண்டும். கொட்டான், பட்டியல் இல்லாமல் எல்லோருக்கும் ஓடும் பொதுக் கேம்பெயின் ஒன்று உங்களுக்கு உண்டல்லவா? அதிலும் கவுனி சொற்கள் இருக்கின்றனவா? அந்த நாலு வாரத்தையும் போடுங்கள். கூடவே ஷீட்டில் கவுனி என்று தேடி, ஸ்டேட்டஸ் மாறிய நாளைக் கண்டுபிடியுங்கள்.

ஆத்தங்குடிக் கல் | 11 செப்டம்பர், காலை 8.20

எனக்கும் இதே பிரச்சினை. பூக்கல் தரை ஓடு விளம்பரம் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் நிற்கிறது. Destination not working என்று போட்டு டிஸ்அப்ரூவ் செய்கிறார்கள். என் போனில் சைட் அழகாகத் திறக்கிறது. அப்பீல் போட்டால் சரியாகிறது, நாலு நாளில் மறுபடி வருகிறது. கவுனி அரிசிக்கும் இதுதான் நடந்திருக்கும், அப்பீல் போடுங்கள் தம்பி.

கொட்டான் | 11 செப்டம்பர், மாலை 4.15

பொதுக் கேம்பெயினில் கவுனி: 1910, 1960, 1930, 1980. ஆடவே இல்லை. ஆக, தேடல் குறையவில்லை.

ஷீட்டில் கிடைத்தது இது. கவுனி ஆட் குரூப்பில் இரண்டே விளம்பரம், இரண்டும் ஒரே நாளில்:

```
ஆக 27   கவுனி   விளம்பரம் 1   APPROVED
ஆக 27   கவுனி   விளம்பரம் 2   APPROVED
ஆக 28   கவுனி   விளம்பரம் 1   APPROVED_LIMITED
ஆக 28   கவுனி   விளம்பரம் 2   APPROVED_LIMITED
```

காரணம் என்ற இடத்தில் Health in personalized advertising என்று வருகிறது. ஆனால் ஒரு குழப்பம். பொதுக் கேம்பெயினில் இருக்கும் கவுனி விளம்பரங்களுக்கும் அதே நாளில் அதே லேபிள் விழுந்திருக்கிறது. அவை பாட்டுக்கு ஓடுகின்றன. ஒரே லேபிள், ஒன்று செத்துவிட்டது, இன்னொன்றுக்குத் தும்மல்கூட இல்லை. இது எப்படி?

பள்ளத்தூர்ப் பேத்தி | 11 செப்டம்பர், இரவு 7.40

இந்தக் குழப்பத்திலேயே பதில் இருக்கிறது தம்பி. அந்த லேபிள் "இந்த விளம்பரம் ஓடக்கூடாது" என்று சொல்லவில்லை. உடல்நலம் சார்ந்த விஷயம் என்பதால், ஆளைப் பார்த்துக் காட்டக்கூடாது என்கிறது. நீங்கள் ஏற்றிய வாடிக்கையாளர் பட்டியல், சைட்டுக்கு வந்து போனவர்கள் பட்டியல், இவற்றை வைத்துக் காட்டக்கூடாது. பொதுக் கேம்பெயின் யாரையும் பார்க்கவில்லை, தேடிய சொல்லை மட்டும் பார்க்கிறது. அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் பட்டியல் கேம்பெயினில் அந்தப் பட்டியல் Targeting என்று வைக்கப்பட்டிருக்கும், Observation என்று இருக்காது. சரியா? Targeting என்றால் அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும்தான் காட்டும். அந்தப் பட்டியலையே பயன்படுத்தக்கூடாது என்றால் காட்ட ஆள் இல்லை. சுழியம். Observation என்று இருந்திருந்தால் பட்டியலைக் கண்டுகொள்ளாமல் ஓடியிருக்கும், கொஞ்சம் சரிந்திருக்கும், அவ்வளவுதான்.

இதை எதற்கு நீட்டுகிறேன் என்றால், எங்கள் ஆபீசில் லேபிளைப் பார்த்ததும் பயந்து விளம்பரத்தை மாற்றுகிறவர்களும் உண்டு, limited தானே என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. லேபிளோடு அந்தக் கேம்பெயினின் இலக்கு அமைப்பையும் சேர்த்துப் படிக்காமல் இரண்டுமே குருட்டாம்போக்கு.

முகப்பு | 11 செப்டம்பர், இரவு 8.25

தங்கச்சி சொன்னதுதான். இரவில் பதில் எழுதலாம் என்றிருந்தேன், முந்திக்கொண்டீர்கள்.

ஸ்கிரீனில் Eligible என்ற சொல்லோடு limited என்பதும் ஒட்டியிருக்கும். டிஸ்அப்ரூவ் ஆனால் கண்ணில் குத்தும், மெயிலும் வரும். இது குத்தாது. முழுக்க நிறுத்தப்பட்டதைவிட இப்படிப் பாதி நிறுத்தப்பட்டதால்தான் எனக்குத் தலைவலி அதிகம்.

ஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்காக அதையும் இங்கே போட்டுவிடுகிறேன். இது ஏன் வேண்டும் என்றால், ரிப்போர்ட்டில் எந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்டேட்டஸ் நெடுவரிசை இன்றைய நிலையைத்தான் காட்டும். ஆகஸ்ட் 20க்கான இம்ப்ரெஷனுக்குப் பக்கத்தில் செப்டம்பர் 11இன் ஸ்டேட்டஸ் நிற்கும். அன்றைய நிலையை அன்றே எழுதி வைத்தால்தான் உண்டு.

```
function main() {
  var q = "SELECT campaign.name, ad_group.name, " +
    "ad_group_ad.ad.id, ad_group_ad.ad.final_urls, " +
    "ad_group_ad.policy_summary.approval_status, " +
    "ad_group_ad.policy_summary.policy_topic_entries " +
    "FROM ad_group_ad WHERE ad_group_ad.status = 'ENABLED'";
  var sh = SpreadsheetApp.openByUrl(SHEET_URL).getSheetByName("log");
  var rows = AdsApp.search(q);
  while (rows.hasNext()) {
    var r = rows.next(), a = r.adGroupAd, p = a.policySummary;
    sh.appendRow([new Date(), r.campaign.name, r.adGroup.name,
      a.ad.id, (a.ad.finalUrls || []).join(" "),
      p.approvalStatus, JSON.stringify(p.policyTopicEntries || [])]);
  }
}
```

SHEET_URL இடத்தில் உங்கள் ஷீட்டின் முகவரியை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். Daily என்று நேரம் வைத்தால் போதும். ஆயிரக்கணக்கான வரி என்று மலைக்க வேண்டாம். முந்தின நாளிலிருந்து மாறிய வரியை மட்டும் வடிகட்டினால் மாதத்துக்கு ஒரு பக்கம் வராது.

முகப்பு | 11 செப்டம்பர், இரவு 8.50

ஆத்தங்குடிக்காரருக்கு. அண்ணே, உங்களுடையது வேறு நோய். கொட்டானுக்குச் சைட் திறக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை, அப்பீல் போட்டு அவருக்கு ஆகப்போவதும் இல்லை.

உங்கள் சைட் உங்கள் போனில் திறப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. சோதிக்க வருவது AdsBot-Google என்ற பாட், அது வெளிநாட்டு முகவரியிலிருந்தும் வரும். ஹோஸ்டிங்கில் வெளிநாட்டுப் பாட்களைத் தடுக்கும் பயர்வால் போட்டிருந்தால் அதற்கு 403 என்ற மறுப்பு போகும், உங்களுக்குப் பக்கம் திறக்கும். சர்வர் ஆக்சஸ் லாகை வாங்கி, AdsBot என்று தேடி, பக்கத்தில் திறந்ததற்கான 200 இருக்கிறதா 403 இருக்கிறதா என்று பாருங்கள். தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் நின்ற நாளும் 403 வந்த நாளும் அடுத்தடுத்து நின்றால் பயர்வால்தான். உங்கள் கணினியிலிருந்து பாட் பெயரை வைத்துச் சோதித்தால் போதாது, தடுப்பது பெயரையா முகவரியையா என்று அதில் தெரியாது.

ஆத்தங்குடிக் கல் | 12 செப்டம்பர், காலை 7.05

லாக் எங்கே கிடைக்கும் என்று ஹோஸ்டிங்காரரைக் கேட்டேன். எதற்கு என்று திருப்பிக் கேட்கிறார். சுடாமலே செய்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சுட வேண்டுமா என்று கேட்கிறவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

கொட்டான் | 12 செப்டம்பர், பகல் 12.30

Targeting தான். பேத்தி அக்கா சொன்னது சரி.

ஆனால் விளம்பர வாசகத்தில் உடல்நலம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. "கறுப்புக் கவுனி அரிசி", "செட்டிநாட்டிலிருந்து நேராக", "1 கிலோ, 5 கிலோ" இப்படித்தான் இருக்கிறது. ஆகஸ்டில் நாங்கள் விளம்பரத்தைத் தொடவே இல்லை. தொடாத விளம்பரத்துக்கு எப்படித் திடீரென்று லேபிள் வரும்?

வளவு | 12 செப்டம்பர், பகல் 12.48

உங்கள் சைட் தமிழில் இருக்கிறதா? தமிழ் பக்கத்தை அவர்கள் படிப்பதே இல்லை. ஏதாவது தவறாகப் பட்டிருக்கும்.

பள்ளத்தூர்ப் பேத்தி | 12 செப்டம்பர், இரவு 9.10

படிக்கிறார்கள் வளவு அண்ணே. தமிழ், விளம்பரத்துக்கு ஆதரவுள்ள மொழியாகிச் சில வருடங்கள் ஆகின்றன. விளம்பரத்தை மட்டுமல்ல, அது போய்ச் சேரும் பக்கத்தையும் பார்ப்பார்கள். ஒருமுறை ஒப்புதல் கொடுத்ததோடு நிற்பதில்லை, பிறகும் வந்து பார்ப்பார்கள். தம்பி, ஆகஸ்ட் கடைசியில் கவுனிப் பக்கத்தை யாராவது தொட்டார்களா? ஷீட்டில் முகவரி நெடுவரிசை இருக்கிறது. லேபிள் விழுந்த விளம்பரங்கள் எல்லாம் ஒரே முகவரிக்குப் போகின்றனவா என்று பாருங்கள்.

கொட்டான் | 13 செப்டம்பர், காலை 10.20

எல்லாம் ஒரே பக்கம். ஆகஸ்ட் 25ஆம் தேதி சித்தப்பா அந்தப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும்" என்று ஆரம்பித்து அரைப் பக்கம். வாட்ஸப்பில் வந்ததாம். கேட்டால், "உண்மையைத்தானே போட்டேன்" என்கிறார்.

விளம்பரத்தைக் குறை சொன்னவரே இவர்தான்.

முகப்பு | 13 செப்டம்பர், பகல் 2.00

சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம். இங்கே வேறு ஒரு ஆபத்தும் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். லேபிள் இப்போது ஆளைப் பார்த்துக் காட்டுவதைத்தான் தடுத்திருக்கிறது. "நோயைக் கட்டுப்படுத்தும்" என்று அரிசி விற்கும் பக்கத்தில் அடித்துச் சொன்னால், அது நம்பத்தகாத உரிமைகோரல் என்ற வேறு பாலிசிக்குப் போகலாம். அது limited இல்லை, நேராக டிஸ்அப்ரூவ். அப்போது பொதுக் கேம்பெயினும் நிற்கும்.

செய்ய வேண்டியது: பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமையலை எழுதுங்கள். முதல் நாள் இரவே ஊற வைப்பது, வேகும் நேரம், தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் எப்போது சேர்ப்பது. வாங்குகிறவருக்கும் அதுதான் தேவை. பிறகு விளம்பர ஸ்டேட்டஸ் மேல் கர்சரை வைத்தால் அப்பீல் வரும். அதில் இரண்டு காரணம் கேட்பார்கள்: முடிவை எதிர்க்கிறீர்களா, திருத்தம் செய்துவிட்டீர்களா. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால் அப்பீல் போடாதீர்கள், பழைய பக்கத்தையே பார்த்துவிட்டு மறுப்பார்கள்.

வளவு | 13 செப்டம்பர், பகல் 2.25

"இது மருந்து அல்ல" என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டுப் பத்தியை வைத்துக்கொண்டால் ஆகாதா?

பள்ளத்தூர்ப் பேத்தி | 13 செப்டம்பர், மாலை 6.00

ஆகாது. இந்த லேபிளுக்குப் பொய்யா மெய்யா என்பது கேள்வியே இல்லை. பக்கம் ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறதா என்பதுதான். அந்தப் பக்கத்துக்கு வந்து போனவரைப் பின்தொடர்ந்தால் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யாரோ ஊகித்த மாதிரி ஆகிவிடும். என் அப்பாயிக்கு அப்படி ஒரு விளம்பரம் பின்னாலேயே வந்தால் எனக்கே கோபம் வரும். மருந்து அல்ல என்று எழுதினால் நோயின் பெயர் இன்னொரு தரம் வரும், அவ்வளவுதான்.

கொட்டான் | 18 செப்டம்பர், இரவு 9.15

பத்தியை எடுத்து, அப்பீலும் போட்டோம். விளம்பரம் 1க்கு 17ஆம் தேதி காலை ஷீட்டில் APPROVED வந்துவிட்டது. விளம்பரம் 2 இன்னும் APPROVED_LIMITED. இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் போகின்றன. வினோதமாக இல்லை?

ஆனால் ஒன்று. விளம்பரம் 1 மட்டும் திரும்பியதுமே கவுனி இம்ப்ரெஷன் முழுசாக வர ஆரம்பித்துவிட்டது. பாதி வரும் என்று நினைத்தேன்.

முகப்பு | 18 செப்டம்பர், இரவு 10.00

பாதி வராது. ஒரு ஆட் குரூப்பில் ஓடத் தகுதியுள்ள விளம்பரம் ஒன்று இருந்தாலும் அதுவே ஏலத்துக்குப் போகும். அதனால்தான் பல கணக்குகளில் ஒரு விளம்பரம் டிஸ்அப்ரூவ் ஆகியும் இம்ப்ரெஷன் அசையாமல் இருக்கும். லாகில் சிவப்பு, வரைபடத்தில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இரண்டும் ஒரே பக்கத்தை நம்பியிருந்ததால் இரண்டும் ஒன்றாக விழுந்தன. மூன்றாவதாக ஒரு விளம்பரம், கவுனியும் பொடியும் சேர்ந்த காம்போ பக்கத்துக்குப் போவதாக, இதே ஆட் குரூப்பில் வைத்திருங்கள்.

இரண்டாவது விளம்பரம் ஏன் நிற்கிறது? பக்கத்தின் அடியில் வாடிக்கையாளர் ரெவ்யூ இருக்கிறதே, அதில் "எனக்குச் சுகர் குறைந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அது காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ரெவ்யூதான் முதல் விளம்பரத்துக்கும் இருக்கிறது, அதன் லேபிள் போய்விட்டதே. வெறுமனே இரண்டாவது அப்பீலை இன்னும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

கொட்டான் | 26 செப்டம்பர், காலை 9.40

ரெவ்யூக்களைத் தனிப் பக்கத்துக்கு மாற்றினோம், இரண்டாவதற்கு மறுபடி அப்பீலும் போட்டோம். 24ஆம் தேதி APPROVED. இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் எது வேலை செய்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15 வாரம் கவுனி 1,240. இந்த வாரம் நாலு நாளிலேயே 1,190. முறுக்கு இறங்கிவிட்டது, வாரம் 3,700 பக்கம் வரும் போலிருக்கிறது. இம்ப்ரெஷன் ஷேரும் பழையபடி 51%. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "சரி பண்ணினேன் என்கிறாய், 63 போய் 51 ஆகியிருக்கிறதே" என்கிறார். எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

வளவு | 26 செப்டம்பர், காலை 10.05

சித்தப்பா கேட்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. கவுனி நின்ற காலத்தில் முறுக்கு கூடுதலாக விற்றதா இல்லையா? அதே ₹900 தானே. நஷ்டம் எங்கே?

முகப்பு | 26 செப்டம்பர், இரவு 8.40

இதை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், வளவு அண்ணன் கேட்டே விட்டார்.

நஷ்டம் ₹900இல் இல்லை என்பது சரி. முறுக்கு வாங்கியவர்கள் எப்படியும் வாங்குகிறவர்கள். பழைய வாடிக்கையாளர், தீபாவளி நெருங்குகிறது. அவர்களிடம் இன்னும் ஆயிரம் தரம் காட்டியதில் எத்தனை புது ஆர்டர் வந்தது என்று கொட்டான்தான் பில் பார்த்துச் சொல்ல வேண்டும். கவுனியை ஐந்து கிலோவாக வாங்குகிறவர் வேறு ஆள் என்று என் நினைப்பு. ஆனால் இது நினைப்புதான், பில் பார்க்காமல் அழுத்திச் சொல்ல மாட்டேன். பில் கணக்கில் முறுக்குதான் லாபம் என்று வந்தால் கவுனியைப் பட்டியல் கேம்பெயினிலிருந்து எடுத்துவிட்டுப் பொதுக் கேம்பெயினில் மட்டும் வைத்தாலும் தப்பில்லை. அதை நாமாக முடிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் 28இல் அந்த முடிவை வாட்ஸப் பத்தி எடுத்தது.

51க்கு: சித்தப்பாவிடம் சதவீதத்தைக் காட்டாதீர்கள். இம்ப்ரெஷனை ஷேரால் வகுத்த எண்ணைக் காட்டுங்கள். 13,700 சின்னதாகி 9,940 ஆனது, இப்போது திரும்ப வளர்ந்திருக்கிறது. கடைவீதியின் ஒரு பகுதியை மூடிவிட்டு, திறந்திருக்கும் பகுதியில் நம் கூட்டம்தான் அதிகம் என்று சொன்னதுதான் அந்த 63.

ஆத்தங்குடிக் கல் | 3 அக்டோபர், காலை 7.30

ஆயுத பூஜைக்கு ஹோஸ்டிங்காரர் கடைக்கே வந்தார், பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்து லாகை வாங்கிவிட்டேன். AdsBot பக்கத்தில் 403 வரிசையாக நிற்கிறது. ஆனால் எல்லா நாளும் இல்லை. சில நாள் 200. பயர்வால் என்றால் எப்போதும் தடுக்க வேண்டாமா?

முகப்பு | 3 அக்டோபர், இரவு 9.00

அதே பாட் வெவ்வேறு முகவரியிலிருந்து வரும், சில முகவரி தடுப்புப் பட்டியலில் இருக்கும், சில இருக்காது. அல்லது ஒரு நிமிடத்தில் இத்தனை தரத்துக்கு மேல் வந்தால் தடு என்று விதி வைத்திருக்கலாம். 403 வந்த வரிகளில் முகவரி ஒரே வகையா, அல்லது எல்லாம் ஒரே நிமிடத்தில் குவிகின்றனவா என்று பாருங்கள். முகவரி என்றால் விலக்குக் கேளுங்கள், குவியல் என்றால் வரம்பை உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டும் அவர் கையில்தான் இருக்கிறது, அப்பீலால் தீராது.

பள்ளத்தூர்ப் பேத்தி | 5 அக்டோபர், மாலை 5.20

முகப்பு அண்ணே, உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு ஓட்டை. அது விளம்பரத்தின் ஸ்டேட்டஸை மட்டும் எழுதுகிறது. ரெஸ்பான்சிவ் விளம்பரத்தில் 15 தலைப்பு வரை வைக்கலாம். ஒரு தலைப்பை மட்டும் டிஸ்அப்ரூவ் செய்தால் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். சைட்லிங்க், படம் இவற்றுக்கும் தனி ஒப்புதல். கொட்டான் தம்பிக்கு இது தேவைப்படவில்லை, ஆனால் இந்த லாக் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது.

முகப்பு | 6 அக்டோபர், காலை 6.40

ஆமாம். `ad_group_ad_asset_view` என்பதிலும் `policy_summary` உண்டு, அதை இரண்டாவது ஷீட்டில் எழுத வைக்கலாம். விளம்பர ஸ்டேட்டஸ் லாகைப்போல இதை இம்ப்ரெஷனோடு ஒட்டிப் பார்ப்பது கஷ்டம். ஒரு தலைப்பு போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும், மொத்தம் அசையாது, கிளிக் விகிதம் வேண்டுமானால் மெல்ல மாறும். அது தலைப்பால் மாறியதா, பண்டிகையால் மாறியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இதுவரை நம்பிக்கையான வழி கிடைக்கவில்லை. உங்கள் ஆபீசில் எப்படிச் செய்கிறீர்கள்?

பள்ளத்தூர்ப் பேத்தி | 6 அக்டோபர், இரவு 10.15

பிரிப்பதில்லை. டிஸ்அப்ரூவ் ஆன தலைப்பை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

கொட்டான் | 12 அக்டோபர், இரவு 11.30

பில் பார்த்தேன். கவுனி நின்றிருந்த வாரங்களில் முறுக்கு ஆர்டர் கூடியது உண்மை, ஆனால் கூடுதலாகக் காட்டிய அளவுக்குக் கூடவில்லை. ஐந்து கிலோ கவுனி வாங்குகிறவர்களில் முறுக்கும் வாங்குகிறவர் கொஞ்சம் பேர்தான். சித்தப்பாவிடம் காட்டினேன். பட்ஜெட்டை ₹1,400 ஆக்கச் சொல்லிவிட்டார், தீபாவளி வரைக்கும். அந்தப் பத்தியை நோட்டீஸாக அச்சடித்துக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறார்.